படம் கருப்பா இருந்தா நல்லதுங்க!

ஆத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில நின்னுட்டு இருந்தேன். தலைவாசல் பக்கத்துல இருந்து வந்த ஒரு குடும்பம், கையில பெரிய எக்ஸ்ரே கவர். கூட வந்த பெரியவர் ஒருத்தர் படத்தை உருவி வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிச்சார். "பாரு, ரெண்டு நுரையீரலும் கருகிக் கெடக்குது. பீடி பீடின்னு ஊதுனா இப்படித்தான் ஆகும்"னு தீர்ப்பே சொல்லிட்டார். பக்கத்துல நின்ன அந்தம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

எனக்கு வந்த கோவம் இருக்கே!

நான் எக்ஸ்ரே எடுக்கற வேலையில இருக்கறவன். இருட்டு ரூம்ல படத்தைக் கழுவிக் காயப்போட்ட காலத்துல இருந்து இதே பொழப்புதான். "அண்ணே, கருப்பா இருக்கறதுதான் நல்லது. கருப்புன்னா உள்ள காத்து இருக்குதுன்னு அர்த்தம். பீடிப் புகை படத்துல கரியாத் தெரியாது"ன்னு அவர்கிட்டச் சொல்லிட்டு வந்தேன். அவர் நம்புனாரான்னு தெரியலை. அந்தம்மா நம்புனாங்க. அது போதும்.

ஆனா இந்தப் பேச்சு ஒரு டீக்கடையில மட்டுமா நடக்குது? இதுக்கு நேர் எதிராவும் நடக்கும். நிஜமாவே நிமோனியா இருக்கற படத்தைப் பார்த்துட்டு, "பளிச்சுன்னு வெள்ளையா இருக்குதுங்க, நல்லாத்தான இருக்குது?"ன்னு என்கிட்டயே கேட்டிருக்காங்க. அதனாலதான் இந்தப் பதிவு. நல்லா இருக்கற நெஞ்சுப் படம் எப்படி இருக்கும், நிமோனியா வந்தா அதுல என்ன மாறும்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். (ரிப்போர்ட் எழுதறது டாக்டரோட வேலை. இதைப் படிச்சிட்டு வீட்டுலயே வைத்தியம் ஆரம்பிச்சிராதீங்க.)

முதல்ல அந்தக் கருப்பு வெள்ளை சமாச்சாரம்.

எக்ஸ்ரே உடம்புக்குள்ள ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வருது. காத்து இருக்கற இடத்துல அதைத் தடுக்க ஒண்ணும் இல்ல, அதனால அந்த இடம் கருப்பா விழும். எலும்பு நிறையத் தடுக்கும், அதனால வெள்ளை. ரத்தம், தசை, தண்ணி, சீழ் எல்லாம் ஒரே மாதிரி நடுத்தரமாத் தடுக்கும். இந்தக் கடைசி வரியை மட்டும் மறந்துராதீங்க. படத்துல ரத்தத்துக்கும் சீழுக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாது. மூணுமே ஒரே சாம்பல் வெள்ளைதான். பாதிக் குழப்பம் இதுலதான் ஆரம்பிக்குது.

சரி, இப்ப படத்துக்குப் போலாம்னு பார்த்தா... அதுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்குதுங்க. படம் ஒழுங்கா எடுத்த படமான்னு பார்க்கணும். இதை யாருமே பார்க்கறதில்ல. எங்க தொழில்ல இதுதான் உசுரு.

நெஞ்சைப் பலகையில ஒட்டி நிக்க வெச்சு, தோளை முன்னாடி தள்ளச் சொல்லி, "நல்லா மூச்சை இழுங்க... அப்படியே பிடிங்க"ன்னு கத்தறோமே, அது சும்மா இல்ல. முழுசா மூச்சை இழுத்தாத்தான் நுரையீரல் விரியும், உதரவிதானம் கீழ எறங்கும். அரை மூச்சுல எடுத்தா அடி நுரையீரல் சுருங்கிக்கிட்டு வெள்ளையாத் தெரியும், இதயமும் பெருத்துத் தெரியும். ஒண்ணுமே இல்லாத ஆளுக்கு ரெண்டு அடியிலயும் நிமோனியா மாதிரி ஒரு படம் வந்துரும்.

இதைக் கண்டுபிடிக்கறது சுலபம். விலா எலும்பை எண்ணுங்க. முதுகுப் பக்கத்து விலாக்கள் படத்துல கிட்டத்தட்டப் படுக்கை வாட்டமாத் தெரியும், நெஞ்சுப் பக்கத்து விலாக்கள் சாய்ஞ்சு கீழ எறங்கும். உதரவிதானத்துக்கு மேல முதுகு விலா 9 அல்லது 10 தெரிஞ்சா மூச்சு போதும். முன் விலான்னா 6. ஏழோ எட்டோ முதுகு விலாதான் தெரியுதுன்னா, அந்தப் படத்துல அடிப்பக்க வெள்ளையை நம்பக் கூடாது. மறுபடி எடுக்கணும்.

அழுதுட்டு இருக்கற குழந்தைக்கு இது பெரிய சிக்கல். கத்தும்போது மூச்சு வெளிய போயிட்டே இருக்கும். அது "ஹ்ஹ்"னு அடுத்த மூச்சை இழுக்கற அந்த ஒரு நொடிக்காகக் கையை பட்டன்லயே வெச்சுக் காத்துட்டு இருப்போம். அம்மாக்காரி "சீக்கிரம் எடுங்கண்ணா"ன்னு திட்டுவாங்க. அந்த நொடி கிடைச்சா அன்னைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷம்தான்.

அடுத்தது ஆள் நேரா நின்னாரா? ரெண்டு காறை எலும்போட உள் நுனியும் நடு முதுகெலும்புல இருந்து சம தூரத்துல இருக்கணும். ஆள் திரும்பி நின்னா ஒரு பக்க நுரையீரல் கூடுதல் வெள்ளையாவும் இன்னொண்ணு கூடுதல் கருப்பாவும் விழும். அப்புறம் படுக்கையிலயே எடுக்கற படம்னா கணக்கே வேற. கதிர் முன்னாடி இருந்து போகறதால இதயம் இருக்கறதை விடப் பெருசாத் தெரியும்.

அப்புறம்... ஜடை! ஆமாங்க, ஜடை. பின்னிப் போட்ட தடிமனான ஜடை தோள் மேல விழுந்து கிடந்தா, நுரையீரலோட உச்சியில ஒரு வெள்ளைப் பட்டை விழும். அந்த இடத்துல வெள்ளைன்னா டாக்டருக்கு டி.பி. ஞாபகம்தான் வரும். அதனாலதான் எங்க ரூம்ல "கொண்டையைத் தூக்கிக் கட்டுங்கம்மா"ன்னு சொல்றது. ஊக்கு, தாயத்து, சங்கிலி எல்லாம் கழட்டச் சொல்றதும் இதுக்குத்தான்.

இப்ப படம் நல்ல படம்னு வெச்சுக்குவோம்.

நிமோனியான்னதும் எல்லாரும் வெள்ளையைத் தேடறாங்க. நான் முதல்ல பார்க்கறது வெள்ளையை இல்லீங்க, ஓரத்தை. நல்லா இருக்கற நெஞ்சுப் படத்துல சில ஓரங்கள் கத்தி மாதிரித் தெளிவா இருக்கும். இதயத்தோட வலது ஓரம், இடது ஓரம். உதரவிதானம், ரெண்டு பக்கமும் கவுந்த வளைவா (வலது பக்கம் கொஞ்சம் மேல இருக்கறது இயல்பு, பயப்பட வேண்டாம்). அந்த வளைவு போய் விலாவைத் தொடற மூலை, ரெண்டு பக்கமும் கூராக் கீழ எறங்கியிருக்கணும். இடையில நுரையீரல் கருப்பு. ஆனா மை பூசுன கருப்பு இல்ல. நடுவுல இருந்து வெளிய போகப் போகச் சன்னமாகற வெள்ளைக் கோடுங்க இருக்கும். அது ரத்தக் குழாய். இதைப் பார்த்துட்டு "சளி நூல் நூலா இருக்குது"ன்னு பயந்துக்கறவங்க நிறையப் பேர். அது எல்லாருக்கும் இருக்கும். விலாவை நெருங்கற கடைசி ஓரத்துல அது கண்ணுக்கே தெரியாமப் போயிரணும், அவ்வளவுதான்.

நிமோனியா வந்தா என்ன ஆகுது? நுரையீரல்ல காத்து நிக்கற குட்டிக் குட்டிக் காத்துப் பைகளுக்குள்ள நீரும் சீழும் ரொம்பிக்குது. காத்து போச்சு, கருப்பும் போச்சு. அந்த இடம் சாம்பல் வெள்ளை ஆயிருது. இதயமும் அதே சாம்பல் வெள்ளைதானே? ரெண்டும் ஒட்டி இருந்தா நடுவுல இருந்த ஓரம் காணாமப் போயிரும்.

நம்மூரு சேகோ ஃபேக்டரி களத்தை நினைச்சுப் பாருங்க. கருப்புத் தார்ப்பாய்ல ஜவ்வரிசியைப் பரப்புனா அது எங்க முடியுதுன்னு தூரத்துல இருந்தே தெரியும். வெள்ளைத் துணியில பரப்புனா ஓரம் எங்கன்னு கிட்டப் போய்த்தான் பார்க்கணும். ஜவ்வரிசி மாறலை, பக்கத்துல இருக்கறது மாறிடுச்சு.

இதைப் பாடமாக்கிக் கொடுத்தவர் பெஞ்சமின் ஃபெல்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர். 1950-ல அவரும் ஹென்றி ஃபெல்சனும் சேர்ந்து எழுதுன கட்டுரையில இருந்துதான் இது உலகம் பூரா பரவுச்சு. 'சில்ஹவுட் சைன்'னு டாக்டருங்க சொல்லுவாங்க. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, நோய் இருக்குதான்னு மட்டும் இல்ல, நுரையீரல்ல எந்தப் பாகத்துல இருக்குதுன்னும் சொல்லிரும். தட்டையான ஒரே ஒரு படத்துல இருந்து!

எப்படின்னு ஒரு ஆளை வெச்சுச் சொல்றேன்.

நாப்பது வயசை ஒட்டுன ஒருத்தர், குச்சிக்கிழங்கு லோடு ஏத்தறவர். நாலஞ்சு நாளா குளிர் காய்ச்சல். இருமுனா துரு நிறத்துல சளி. மூச்சை இழுத்தா வலது நெஞ்சுல சுருக்குனு குத்தல். "மூச்சை இழுத்துப் பிடிங்கண்ணே"ன்னா பாதியில நிறுத்திட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கறார். உக்கார வெச்சு, தண்ணி கொடுத்து, கொஞ்ச நேரம் விட்டு எடுத்தோம். முதுகு விலா 9 வந்துச்சு. காறை எலும்பு சமமா இருக்குது. நல்ல படம்.

இடது பக்கம் ஒரு குறையும் இல்ல. இதயத்தோட இடது ஓரம் தெளிவு, உதரவிதானம் தெளிவு, மூலை கூர். இப்ப வலது பக்கம். உதரவிதானம் முழு நீளத்துக்கும் தெரியுது. மூலையும் கூரா இருக்குது. ஆனா இதயத்தோட வலது ஓரத்தைக் கண்ணால புடிச்சுக்கிட்டே கீழ வந்தா... பாதியில காணோம். அந்த இடத்துல ஒரு வெள்ளைத் திட்டு. திட்டோட மேல் விளிம்பு அடிகோல் வெச்சு இழுத்த மாதிரி படுக்கையா நேரா இருக்குது. கீழ் விளிம்பு கலைஞ்சு போயிருக்குது.

இதுக்கு என்ன அர்த்தம்? வலது நுரையீரல்ல மேல், நடு, கீழ்னு மூணு மடல். இதயத்தோட வலது ஓரத்தைத் தொட்டுட்டு இருக்கறது நடு மடல். உதரவிதானத்து மேல உக்காந்திருக்கறது கீழ் மடல். இதய ஓரம் போச்சு, உதரவிதானம் இருக்குது. அப்ப நோய் நடு மடல்ல. மேல் விளிம்பு நேரா இருக்கறதுக்குக் காரணம், மேல் மடலுக்கும் நடு மடலுக்கும் நடுவுல இருக்கற தடுப்புல போய் அது நின்னுருச்சு. உதரவிதானத்தோட கோடு அழிஞ்சு இதய ஓரம் தெளிவா இருந்திருந்தா கீழ் மடல்னு சொல்லியிருப்போம்.

இன்னொண்ணும் அந்தப் படத்துல இருந்துச்சு. வெள்ளைத் திட்டுக்குள்ளயே சன்னமா ரெண்டு கருப்புக் கோடு, ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சு போகுது. அது மூச்சுக் குழாய். சாதாரணமா அது கண்ணுக்குத் தெரியாது, ஏன்னா குழாய்க்குள்ளயும் காத்து, சுத்தியும் காத்து. சுத்தி இருக்கற பைகள்ல சீழ் ரொம்பி, குழாயில மட்டும் காத்து இருந்தாத்தான் தெரியும். இதைப் பார்த்தா அந்த வெள்ளை நுரையீரலுக்கு வெளிய இல்ல, உள்ளதான்னு உறுதியாச் சொல்லலாம். டாக்டர் படத்தைப் பார்த்த உடனே அவரை அட்மிஷன் போடச் சொல்லிட்டார். படத்துக்காக மட்டும் இல்ல. விரல்ல மாட்டுன ஆக்சிமீட்டர் 91 காட்டுச்சு.

இவ்வளவு தெளிவா எல்லாப் படமும் வராதுங்க. இடது கீழ் மடல்ல வந்தா இதயத்துக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும். மேலோட்டமாப் பார்த்தா படம் நார்மல். இதயத்தோட வெள்ளைக்கு ஊடாவும் ரத்தக் குழாயும் இடது உதரவிதானக் கோடும் மங்கலாத் தெரியணும். அங்க ஒரே அடியா வெள்ளையா இருந்து, அந்தக் கோடும் உள்பக்கம் அழிஞ்சிருந்தா உஷாராகணும். சந்தேகம்னா பக்கவாட்டுல ஒரு படம் எடுப்போம். அதுல முதுகெலும்பு கீழ போகப் போகக் கருப்பு கூடிட்டே வரணும். திடீர்னு வெளுத்தா அங்க ஏதோ இருக்குது.

வெள்ளைன்னாலே நிமோனியாவும் இல்ல. நெஞ்சுல தண்ணி கோத்தாலும் வெள்ளைதான். ஆனா தண்ணி முதல்ல அந்தக் கூரான மூலையை ரொப்பும், மேல் விளிம்பு விலாப் பக்கம் ஏறி வளைஞ்சிருக்கும், உள்ள கருப்புக் கோடு இருக்காது. நிமோனியாவும் தண்ணியும் சேர்ந்து வர்றதும் உண்டு. உச்சியில வெள்ளை, நடுவுல ஓட்டை, வாரக்கணக்குல இருமல், எடை குறையுதுன்னா டாக்டர் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார். டி.பி.யைப் படத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது, சளியில கிருமி இருக்குதான்னு பார்க்கணும். அதே மாதிரி கிருமி பாக்டீரியாவா வைரஸான்னும் படம் நம்பிக்கையாச் சொல்லாது.

படத்துக்கு இன்னொரு குறை இருக்குது, அதைச் சொல்லாம விட்டா தப்பாயிரும். அது நோயை விடப் பின்தங்கி ஓடும். காய்ச்சல் ஆரம்பிச்ச முதல் நாளே எடுத்தா, நிமோனியா இருந்தும் படம் சுத்தமா வரலாம். "நேத்து எடுத்த படம் நார்மல்"னு மூச்சு வாங்கற ஆளை வீட்டுல வெச்சிருக்காதீங்க.

குறிப்பாக் குழந்தைகளை! இதுல நம்ம வேலூருக்கு ஒரு பெருமை இருக்குது. வேலூர் சி.எம்.சி.யில தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் இவங்கெல்லாம் சேர்ந்து செஞ்ச ஆய்வு 1988-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. இருமல் இருக்கற குழந்தைக்கு நுரையீரல்ல தொற்று இருக்குதான்னு கண்டுபிடிக்க, மூச்சு எத்தனைன்னு எண்ணறதும், நெஞ்சு உள்வாங்குதான்னு பார்க்கறதும் நல்லாவே உதவும்னு காட்டுனாங்க. இன்னைக்கு உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கும் அதே வழிதான். குழந்தை அழாம அமைதியா இருக்கும்போது சட்டையைத் தூக்கிட்டு முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். 2 மாசத்துல இருந்து 1 வயசுக்குள்ள 50-ம் அதுக்கு மேலயும், 1 வயசுல இருந்து 5 வயசுக்குள்ள 40-ம் அதுக்கு மேலயும் இருந்தா வேக மூச்சு. 2 மாசத்துக்குக் கீழ 60. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ குழி விழுந்தா அந்த நிமிஷமே கிளம்பணும். படம் எடுக்கறதெல்லாம் அப்புறம்.

அதே தாமஸ் செரியன் பின்னாடி உலக சுகாதார நிறுவனத்துல இருந்தப்ப, குழந்தைங்க நெஞ்சுப் படத்தை எல்லாரும் ஒரே மாதிரி படிக்கறதுக்கு ஒரு முறையை உருவாக்குன வேலையில முன்னாடி நின்னார். 2005-ல அந்தக் கட்டுரை வந்துச்சு. கெட்டியான பெரிய வெள்ளைன்னா டாக்டருங்க ஓரளவு ஒத்துப்போறாங்க. லேசான, சிதறுன நிழல்னா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. படிச்சவங்களுக்கே இந்த நிலைமை. வாட்ஸ்ஆப்ல ஜன்னல் கம்பியோட சேர்த்து ஃபோட்டோ எடுத்து அனுப்புன படத்தைப் பார்த்து மச்சான் சொல்றதை எப்படிங்க நம்பறது? அந்த லேசான நிழல் ஃபோட்டோவுல வரவே வராது.

நம்ம லோடு ஏத்தற அண்ணன் கதையை முடிச்சிடறேன். மூணாம் நாளே காய்ச்சல் விட்டுருச்சு, ஒரு வாரத்துல வீட்டுக்குப் போயிட்டார். போகறதுக்கு முன்னாடி எடுத்த படத்துல திட்டு கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்துச்சு. அவர் சம்சாரத்துக்கு ஒரே பயம். "மருந்து கேட்கலைங்களா?" கேட்டுருச்சும்மா. ஆள் தேறுனதுக்கு அப்புறமும் படம் தேற வாரக்கணக்குல ஆகும், வயசானவங்களுக்கு இன்னும் தாமதமாகும். அதனால தேறிட்டு வர்ற ஆளுக்கு நாலு நாளைக்கு ஒரு படம் எடுக்கறதுல பிரயோஜனம் இல்ல. ஆனா இவர் பீடி குடிக்கறவர்ங்கறதால, 6 வாரம் கழிச்சுக் கண்டிப்பா ஒண்ணு எடுக்கச் சொன்னார் டாக்டர். திட்டு கரையாம அப்படியே நின்னா, பின்னாடி கட்டி ஏதாவது குழாயை அடைச்சிருக்குதான்னு சி.டி. எடுத்துப் பார்க்கணும். திட்டு கரையறதுக்கு நேரம் கொடுக்கத்தான் அந்த இடைவெளி.

வந்தார். பழைய படத்தையும் கையோட கொண்டு வந்திருந்தார், அதுக்கே ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டிப் பார்த்தோம். இதயத்தோட வலது ஓரம் மேல இருந்து கீழ வரைக்கும் முழுசா வந்திருந்துச்சு. திட்டு இருந்த இடம் கருப்பு.

"மறுபடி மறுபடி எடுத்தா கதிர் உடம்புக்குக் கெடுதல் இல்லீங்களா?"ன்னு அவரும் கேட்டார், எல்லாரும் கேட்கறாங்க. நின்னு எடுக்கற ஒரு நெஞ்சுப் படத்துல படற கதிர், மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் நம்ம மேல சில நாள்ல தானாவே படற அளவுதான். டாக்டர் வேணும்னு சொன்னா அதுக்குப் பயந்து தள்ளிப்போடாதீங்க. மாசமா இருக்கறவங்க, நாள் தள்ளிப் போயிருக்கோன்னு சந்தேகம் இருக்கறவங்க மட்டும் ரூமுக்குள்ள வரும்போதே எங்ககிட்டச் சொல்லிடுங்க. பழைய படம் வீட்டுல இருந்தா மடிக்காம, கவரோட எடுத்துட்டு வாங்க.